பை எப்போது காலியாகும்?

கடிகாரத்தைப் பார்க்கும் மிஸ்ஸி

ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனைக்கு யாரையாவது பார்க்கப் போனவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். டிரிப் தொங்கும் கம்பத்தருகே மிஸ்ஸி வந்து நிற்பார். பைக்குக் கீழே இருக்கும் சின்னக் குப்பியில் துளி விழுவதைப் பார்ப்பார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். உதடுகள் லேசாக அசையும். குழாயில் இருக்கும் பல்சக்கரத்தை ஒரு நூலளவு உருட்டிவிட்டு மறுபடி எண்ணுவார். சில நோயாளிகளுக்கு இந்த வேலையே இருக்காது. அவர்கள் பக்கத்தில் ஒரு மின்கருவி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், அதன் திரையில் 4.5 என்றோ 125 என்றோ ஓர் எண் மட்டும் தெரியும்.

மிஸ்ஸி எதை எண்ணுகிறார்? அந்த 4.5 எங்கிருந்து வந்தது? அது 45 ஆக இருந்திருந்தால் யாருக்காவது தெரிந்திருக்குமா? முதல் இரண்டு கேள்விக்கும் விடை எளிய பெருக்கல் வகுத்தல்தான். மூன்றாவதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

துளியிலிருந்து தொடங்குவோம். மருத்துவர் 500 மில்லிலிட்டர் உப்புநீரை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 125 மி.லி. ஏறவேண்டும். மருந்தோ திரவமோ நரம்பு வழியாக மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை இனி ‘ஏற்று வேகம்’ என்போம். ஆனால் மிஸ்ஸியின் கண்ணுக்கு மில்லிலிட்டர் தெரியாது, துளிதான் தெரியும். ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை துளி என்பது குழாய் செட்டின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இதைத் ‘துளி எண்’ என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான செட்டில் பெரும்பாலும் 20. குழந்தைகளுக்கான நுண்துளி செட்டில் 60.

துளி எண் 20 என்றால் 125 மி.லி.யில் 2,500 துளிகள். அவை ஒரு மணி நேரத்தில், அதாவது 60 நிமிடத்தில் விழவேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. வார்டில் இதை யாரும் இவ்வளவு நீளமாகப் போடுவதில்லை. அறுபதை இருபதால் வகுத்தால் மூன்று என்பதால், மணிக்கான மில்லிலிட்டரை மூன்றால் வகுத்தால் நேராகத் துளிக் கணக்கு வந்துவிடும். நுண்துளி செட்டில் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை துளி. ஒரு முழு நிமிடம் நிற்க நேரமில்லாதவர் கால் நிமிடம் எண்ணுவார். பத்து பதினொரு துளி விழுந்தால் சரி.

இது ஒருமுறை சரிசெய்துவிட்டால் அப்படியே நிற்கும் விஷயமல்ல. நோயாளி கையை மடக்கினால் வேகம் குறையும், கம்பத்தை உயர்த்தினால் கூடும். அதனால்தான் மிஸ்ஸி திரும்பத் திரும்ப வருகிறார். டெங்கி நோயாளிகளுக்கு இந்தச் சில துளிகள் மிக முக்கியம். நீர் குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். கூடினால், டெங்கியில் இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே கசிவதால், அந்த நீர் நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். நிலைமை மோசமாக இருக்கும்போது மருத்துவர்கள் மணிக்கு மணி ஏற்று வேகத்தை மாற்றி எழுதுவதற்குக் காரணம் இதுதான். எழுதப்படும் ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒருவர் போடவேண்டிய புதிய கணக்கு.

வாட்சாப்பில் வந்த தாள்

இந்தக் கணக்கைத் தாதியர் பயிற்சி மாணவர்கள் தாள் தாளாகப் போட்டுப் பழகுகிறார்கள். மலேசியாவில் தாதியர் டிப்ளோமா மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டிலும் மருந்துக் கணக்கு விடாமல் தொடரும். இப்போது தாள் பெரும்பாலும் பயணிப்பது கைப்பேசிப் படமாகத்தான். விடுதி மேசையில் குழல்விளக்கின் கீழே தாளை விரித்துப் படம் பிடித்து, வேலையில் இருக்கும் மூத்த உறவினருக்கு அனுப்புகிறார்கள். “அக்கா, மூணாவது கணக்கு சரியா வந்திருக்கான்னு கொஞ்சம் பாருங்க.”

அப்படி வந்த ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். தாள் நான் உண்டாக்கியது, அதில் உள்ள அளவுகள் வார்டில் புழங்குபவை. பாதி ஆங்கிலம், பாதி மலாய். நோயாளி 58 வயது ஆண். ‘பெராட் பாடான்’, அதாவது உடல் எடை, என்ற இடத்தில் 60 கிலோ. மருந்து டோபமின். மருத்துவர் எழுதியது: ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, 5 மைக்ரோகிராம். மருந்துக் குப்பியில் 5 மி.லி.யில் 200 மில்லிகிராம் இருக்கிறது. அதை ஊசிக்குழலில் எடுத்து நீர்த்து ஊசிக்குழல் பம்பில் வைக்கவேண்டும். கேள்வி: பம்பை மணிக்கு எத்தனை மி.லி.யில் ஓடவிட வேண்டும்? விடைக் கட்டத்தில் மாணவி பென்சிலால் எழுதியிருக்கும் எண் 0.075.

டோபமின் இதயத் துடிப்பை வலுவாக்கி இரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து. இன்று அதிர்ச்சி நிலைக்குப் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோர்அட்ரினலின்தான் முதல் தேர்வு. ஆனாலும் டோபமின் பயிற்சித் தாள்களை விட்டுப் போகவில்லை. எண்கள் அழகாக வகுபடுவதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். இந்த மருந்து இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். மாத்திரையைப்போல் ‘ஒரு வேளைக்கு இவ்வளவு’ என்று சொல்ல இதில் வழியில்லை. அளவு என்பதே இங்கு வேகம்தான். நிமிடத்துக்கு எவ்வளவு போகிறது என்பதே நோயாளி உணரும் மருந்து.

கணக்குக்கு முன்னால்

படத்தைப் பார்த்ததும் கால்குலேட்டரை எடுப்பதுதான் முதல் தவறு. முதலில் படத்தில் இருப்பதை அலகோடு சேர்த்து வேறொரு தாளில் எழுதவேண்டும். எழுதும்போதுதான் எது உறுதியாகத் தெரிகிறது, எதை நாமே நிரப்பிக்கொள்கிறோம் என்பது பிரியும்.

படம் முதலில் விழுங்குவது புள்ளியைத்தான். பென்சில் புள்ளி, தாளின் மடிப்பு, விளக்கின் நிழல் மூன்றும் சுருக்கப்பட்ட படத்தில் ஒன்றுபோல் தெரியும். ஐந்து என்பதை ‘5.0’ என்று எழுதினால், புள்ளி மறைந்த உடனே அது ஐம்பது. அரை என்பதை முன்னால் சுழியில்லாமல் ‘.5’ என்று எழுதினால் அது ஐந்து. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியும் போடாதே, பின்னத்துக்கு முன்னால் சுழி போட மறக்காதே என்று தாதியருக்குச் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். அந்த விதி கைப்பேசிப் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மோசமான கையெழுத்தைப் பார்த்துப் பிறந்தது. படத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

அடுத்தது அலகு. மைக்ரோ என்பதற்கு µ என்ற கிரேக்க எழுத்தைப் போடுவார்கள். அதன் வால் மங்கினால் மில்லியைக் குறிக்கும் எழுத்தாகத் தெரியும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். ஒரு வால் மங்கியதில் மருந்து ஆயிரம் மடங்காகிவிடும். இன்சுலின் தாளில் யூனிட் என்று முழுதாக எழுதாமல் அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால் அது சுழியாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும்.

மூன்றாவது, ஓரம். படம் எடுப்பவர் கணக்கு இருக்கும் இடத்தைத்தான் சட்டத்துக்குள் கொண்டுவருவார். நம் தாளில் எடைக்குரிய 60இல் சுழி பாதி அழிந்திருக்கிறது. அது பரவாயில்லை, நோயாளி 58 வயது ஆண் என்று அதே தாளில் இருப்பதால் 6 கிலோவாக இருக்க முடியாது. ஆனால் ‘எத்தனை மி.லி.க்கு நீர்க்கவேண்டும்’ என்ற வரியில் 5 மட்டும் தெரிகிறது, மற்றது ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. அது 50ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஊசிக்குழல் பம்பில் வைப்பது பெரும்பாலும் 50 மி.லி. குழல். இருந்தாலும் எடையை நிச்சயம் செய்ய தாளிலேயே இன்னொரு சான்று இருந்தது, இதற்கு இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் அக்கா செய்யவேண்டியது ஒன்றுதான்: “கீழ் ஓரம் தெரியிற மாதிரி இன்னொரு படம் அனுப்பும்மா.”

இரண்டாவது படம் வருகிறது. 50 மி.லி. ‘ஆக்கவும்’ என்று இருக்கிறது. ‘ஆக்கவும்’ என்பதையும் கவனிக்கவேண்டும். குப்பியிலிருக்கும் 5 மி.லி. மருந்தோடு 45 மி.லி. நீர்மம் சேர்த்து மொத்தம் 50 ஆக்குவது ஒன்று. 50 மி.லி. நீர்மத்தில் 5 மி.லி. மருந்தைச் சேர்ப்பது வேறு. பின்னதில் மொத்தம் 55 ஆகி, மருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீர்த்துப் போகும்.

ஐந்து எப்படி 4.5 ஆகிறது

இனிக் கணக்கு. மருத்துவர் கேட்பது மைக்ரோகிராமில், கிலோவுக்கு, நிமிடத்துக்கு. பம்புக்குத் தெரிந்தது மில்லிலிட்டர், அதுவும் மணிக்கு. முதலதை இரண்டாவதாக மாற்ற மூன்று படிகள் இறங்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் அலகு உதிரும்.

முதற்படியில் கிலோ உதிர்கிறது. கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எடை 60 கிலோ. ஆக இந்த நோயாளிக்கு நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம்.

அடுத்து நிமிடம் மணியாகிறது. 300ஐ 60ஆல் பெருக்கினால் மணிக்கு 18,000 மைக்ரோகிராம். ஆயிரத்தால் வகுத்து மில்லிகிராமாகச் சொன்னால் மணிக்கு 18 மில்லிகிராம்.

கடைசியில் மில்லிகிராம் மில்லிலிட்டராகிறது. இதற்குச் ‘செறிவு’ வேண்டும், அதாவது ஒரு மி.லி.யில் எவ்வளவு மருந்து என்பது. 200 மில்லிகிராம் 50 மி.லி.யில் இருக்கிறது, எனவே மி.லி.க்கு 4 மில்லிகிராம். மணிக்கு 18 மில்லிகிராம் போகவேண்டுமானால் 18ஐ 4ஆல் வகுக்கவேண்டும். மணிக்கு 4.5 மி.லி.

மாணவியின் 0.075 எங்கிருந்து வந்தது? நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம் என்பது வரை அவர் சரியாகத்தான் வந்திருக்கிறார். மி.லி.க்கு 4,000 மைக்ரோகிராம் என்பதும் சரி. 300ஐ 4,000ஆல் வகுத்தால் 0.075. அந்த எண்ணில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அது நிமிடத்துக்கான மில்லிலிட்டர். நடுப்படியைத் தாண்டிக் குதித்துவிட்டார். 60ஆல் பெருக்கிப் பார்த்தால் 4.5 கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதியிருந்தால், கடைசி வரியில் ‘நிமிடத்துக்கு’ என்ற சொல் உதிராமல் நின்று அவரையே பார்த்திருக்கும். வெறும் எண்களால் போட்ட கணக்கில் அது நிற்க இடமே இல்லை.

விடையைத் திருப்பிக் கேட்பது

இங்கேதான் நம் மூன்றாவது கேள்வி வருகிறது. கணக்கை மறுபடி போடாமலே 0.075 தவறு என்று அக்காவால் சொல்ல முடியுமா?

ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டர் என்று துல்லியமாகத் தெரியாதவர்கூட, யாராவது இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன் என்றால் நம்பமாட்டார். வேகத்தையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்து அல்ல, அந்தப் பயணம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உடம்புக்கே தெரியும் என்பதால். மருந்துக் கணக்கிலும் அப்படியொரு பிடி இருக்கிறது. ‘மணிக்கு 0.075 மி.லி.’ என்ற எண் யாருக்கும் எதையும் சொல்லாது. அதையே ‘இந்த வேகத்தில் குழல் எப்போது காலியாகும்?’ என்று மாற்றிக் கேட்கலாம். 50ஐ 0.075ஆல் வகுத்தால் 666 மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட 28 நாள். நீர்த்த மருந்தை ஒரு நாளுக்கு மேல் குழலில் வைத்திருக்கும் வழக்கம் கிடையாது. நாலு வாரம் ஓடும் டோபமின் குழலை எந்த மிஸ்ஸியும் பார்த்ததில்லை.

சரியான விடையையும் அதே கேள்வியால் சோதிக்கலாம். 50ஐ 4.5ஆல் வகுத்தால் 11 மணி நேரம். ஷிஃப்டுக்கு ஒன்று அல்லது ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவாகக் குழல் மாற்றவேண்டிவரும். வார்டில் பார்த்த காட்சியோடு அது பொருந்துகிறது.

µ எழுத்தின் வால் மங்கி, மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று படித்திருந்தால்? நிமிடத்துக்கு 300 மில்லிகிராம். குழலில் மொத்தம் இருப்பதே 200. நாற்பது வினாடியில் குழல் காலி, அடுத்ததை எடுக்கக்கூட நேரமிருக்காது. ஆயிரம் மடங்குப் பிழை இப்படித் தொண்டை கிழியக் கத்தும். ஊசிக்குழல் பம்பும் அந்த வேகத்தை ஏற்காது.

புள்ளி மறைந்து 4.5 என்பது 45 ஆகியிருந்தால் சத்தம் கொஞ்சம் குறைவு. குழல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். நடக்கவே முடியாதது என்று சொல்லிவிட முடியாது. இங்கே இன்னொரு அளவுகோல் வேண்டும்: அந்த மருந்துக்கு வழக்கத்தில் இருக்கும் கீழெல்லையும் மேலெல்லையும். டோபமின் பொதுவாகக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 முதல் 20 மைக்ரோகிராமுக்குள் ஓடும். 45 என்ற வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 50 மைக்ரோகிராம் வருகிறது, மேலெல்லையைப்போல் இரண்டரை மடங்கு. இதைத் தெரிந்தவர் உடனே கையை எடுப்பார். புத்திசாலிப் பம்புகள் என்று இப்போது வருபவற்றில் இந்த எல்லைகளை மருந்துவாரியாக உள்ளேயே பதித்து வைத்திருப்பார்கள், தாண்டினால் கருவி தடுக்கும். சாதாரணப் பம்பு தடுக்காது. அது மில்லிலிட்டரை மட்டுமே அறியும், குழலுக்குள் இருப்பது டோபமினா உப்புநீரா என்பது அதற்குத் தெரியாது.

எட்மன்டனில் 28.8

‘எப்போது காலியாகும்’ என்ற கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதன் விலையைக் கனடாவில் 2006ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. அது நடந்தது எட்மன்டன் நகரின் கிராஸ் புற்றுநோய் நிலையத்தில். கனடாவின் மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் அதைப் படிப்படியாக ஆராய்ந்து, மறு ஆண்டு அறிக்கையை வெளியிட்டது. நோயாளி 43 வயதுப் பெண். அவருக்கு ஃபுளூரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்து 5,250 மில்லிகிராம், நான்கு நாளில் மெதுவாக ஏறவேண்டும். இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடிய சிறிய பம்பு.

செறிவு மி.லி.க்கு 45.57 மில்லிகிராம். 5,250ஐ அதனால் வகுத்தால் 115 மி.லி.க்குச் சற்று மேல். நான்கு நாளால் வகுத்தால் 28.8. இது ஒரு நாளுக்கான மில்லிலிட்டர். இன்னும் 24ஆல் வகுத்தால்தான் பம்பு கேட்கும் மணிக்கணக்கு வரும், அது 1.2. தாதி கணக்குப் போட்டார். 24ஆல் வகுக்கும் படி விட்டுப்போனது. விடை 28.8.

நம் மாணவி செய்த அதே பிழைதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. அவர் நிமிடத்தில் நின்றார், இவர் நாளில் நின்றார். ஆனால் இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மருந்துப் பையின் லேபிளில் இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருந்தன, 24 மணி நேரத்துக்கு 28.8 என்றும், மணிக்கு 1.2 என்றும். தன் விடையைச் சரிபார்க்க லேபிளைப் பார்த்த தாதியின் கண்ணில் 28.8 பட்டது. எண் பொருந்திவிட்டது. சரிபார்க்க வந்த இரண்டாவது தாதியும் அதே எண்ணுக்கே வந்து சேர்ந்தார். நான்கு நாள் மருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் உடம்புக்குள் போயிற்று. அளவு மீறிய இந்த மருந்துக்கு அன்று முறிமருந்து கிடையாது. அப்படியொன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2015 டிசம்பரில். சில வாரங்களில் அந்த நோயாளி இறந்துபோனார்.

இந்த அறிக்கையில் என்னை மிகவும் நிறுத்தியது கணக்குப் பிழை அல்ல, சரிபார்ப்பு தோற்ற விதம். பொருந்தும் எண் ஒன்று கிடைத்த உடனே மனம் ஓய்ந்துவிடுகிறது. அலகைப் படிக்கும் அளவுக்கு அது காத்திருப்பதில்லை. இரண்டு பேர் பார்த்தாலும், இரண்டாமவர் முதல்வர் நடந்த அதே வழியில் நடந்தால் இரண்டு பார்வையும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக, ஒருவராவது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தால்? பையில் 115 மி.லி. இருக்கிறது, மணிக்கு 28.8 போகிறது, ஆக நான்கு மணி நேரத்தில் காலி. ஆணையில் எழுதியிருப்பது நான்கு நாள். இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

சுயேச்சையாகச் சரிபார்ப்பது என்று தாதியர் பாடத்தில் சொல்வதன் பொருள் இதுதான். இரண்டாமவர் முதல்வரின் விடையைப் பார்க்கக்கூடாது, மருத்துவரின் ஆணையிலிருந்தே தொடங்கவேண்டும். அவசர வார்டில் இதை முழுதாகச் செய்வது கடினம் என்பது உண்மை. “இது 4.5தானே?” என்று கேட்டால், “ஆமா” என்ற பதில் தயாராக இருக்கும். “நீங்க போட்டுப் பாருங்க, எவ்வளவு வருது?” என்று கேட்டால் அப்படி வராது.

காட்டிக்கொடுக்காத பிழை

எப்போது காலியாகும் என்ற கேள்விக்கும், வழக்கமான எல்லைக்கும்கூடச் சிக்காத பிழை ஒன்று உண்டு. இரு மடங்குப் பிழைதான் அது.

நம் தாளுக்கே திரும்புவோம். நோயாளிக்கு ஏறும் நீரின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தால், 50 மி.லி.யில் ஒரு குப்பிக்குப் பதில் இரண்டு குப்பி டோபமின் கலப்பார்கள். இதை இரட்டைச் செறிவு என்பார்கள். அப்போது மி.லி.க்கு 8 மில்லிகிராம். இந்தக் குழலை மாட்டிவிட்டு, ஒற்றைச் செறிவுக்குப் போட்ட 4.5 வேகத்திலேயே பம்பை விட்டால் என்ன ஆகும்? குழல் 11 மணி நேரம் ஓடும், பார்க்க ஒன்றும் விசித்திரமாக இருக்காது. மருந்து கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம் போகும், அதுவும் 2க்கும் 20க்கும் நடுவில்தான். புத்திசாலிப் பம்பும் செறிவைத் தவறாகத் தட்டிவிட்டிருந்தால் வாயைத் திறக்காது. நோயாளியின் இதயத் துடிப்பு ஏறுவதை வைத்துத்தான் தெரியும். அதற்கும் நோயே காரணம் என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது.

இதைக் கணக்கால் பிடிக்க முடியாது. பிடிப்பது லேபிள் மட்டும்தான். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், மொத்தம் எத்தனை மி.லி., எப்போது கலந்தது, கலந்தது யார் என்று குழலின்மேலேயே ஒட்டியிருக்கவேண்டும். புதிய குழலை மாட்டுபவர் பழைய குழலின் எண்ணைத் தொடராமல் புதியதன் லேபிளைப் படித்து வேகத்தை மறுபடி போடவேண்டும். படத்தில் வந்த தாளுக்கும் இது பொருந்தும். எத்தனை குப்பி கலந்தது என்ற வரி தெரியாத படத்தில், விடை எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும் அது பாதி ஊகம்.

இதே பொறி வீட்டு மருந்து அலமாரியிலும் இருக்கிறது. குழந்தைகளுக்கான பாரசிட்டமோல் சிரப் மலேசிய மருந்தகங்களில் இரண்டு செறிவில் கிடைக்கிறது, 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் ஒன்று, 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் மற்றொன்று. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். முதல் போத்தலில் அது 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. முன்பு 120 போத்தலுக்கு எழுதி வைத்த ‘ஏழரை’ என்ற எண்ணை, இப்போது வாங்கிய 250 போத்தலிலிருந்து அளந்தால் குழந்தைக்கு 375 மில்லிகிராம் போகும், சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அளவுக் கோப்பையில் பார்த்தால் இரண்டும் ஒரே ஏழரைதான். பாட்டிக்கோ ஆயாவுக்கோ “காய்ச்சல் மருந்து ஏழரை கொடுங்க” என்று செய்தி அனுப்பும்போது எண்ணை மட்டும் அனுப்பாமல், போத்தலின் முன்பக்கத்தை, 5 மி.லி.க்கு எத்தனை மில்லிகிராம் என்ற அந்த வரி தெளிவாகத் தெரியும்படி, ஒரு படமும் சேர்த்து அனுப்பலாம்.